திரும்பி வரும் சுங்குடிச் சேலையில் நான் முதலில் பார்க்கும் இடம்

கேள்வி: ஆன்லைனில் காட்டன் சேலை விற்கிறேன். ரிட்டர்ன் வருவதை மறுபடி ஸ்டாக்கில் வைப்பதா, தள்ளுபடியில் விற்பதா, கழித்துவிடுவதா என்று எப்படி முடிவெடுப்பது?

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் எனக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு. 980 ரூபாய்க்கு விற்ற அரக்கு நிறச் சேலை ஒன்று, "நிறம் பிடிக்கவில்லை" என்ற காரணத்துடன் திரும்பி வந்தது. மடிப்பு சரியாக இருந்ததால் அப்படியே அலமாரியில் வைத்தேன். அடுத்து அதை வாங்கிய பெண்மணி, முந்தானை தொடங்கும் இடத்தில் அருகருகே இருந்த இரண்டு ஊசித்துளைகளைப் படமெடுத்து அனுப்பினார். யாரோ தோளில் பின் குத்தி உடுத்திவிட்டு, அழகாக மடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து பார்சலில் எழுதியிருக்கும் காரணத்தை நான் நம்புவதில்லை. பார்சல் வந்த அன்றே, பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு, தோள்பட்டைப் பகுதியைத்தான் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். துணியை முடிச்சிட்டுச் சாயமேற்றிப் புள்ளிகள் எடுப்பதுதான் சுங்குடி; முடிச்சிட்ட இடங்களிலும் துணி சுருங்கியிருக்கும் என்பதால் குழப்பம் வரலாம். முடிச்சின் தடம் புள்ளியிலேயே இருக்கும், சேலை முழுவதும் பரவியிருக்கும். பின் குத்திய துளையோ புள்ளிகளைப் பொருட்படுத்தாமல் ஓரிடத்தில் மட்டும் இருக்கும். அடுத்து, இடுப்பில் செருகும் உள்முனையில் கஞ்சி விறைப்பு தளர்ந்திருக்கிறதா, கீழ்க்கரையில் தூசிக்கோடு படிந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

இந்த மூன்றும் இல்லாமல் மடிப்பு மட்டும் கலைந்திருந்தால் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து முழு விலைக்கே விற்கலாம். உடுத்திய அடையாளம் ஒன்று இருந்தாலும் அது புதுச் சேலை அல்ல. ஈரவிரலால் துளையைக் குறுக்காகத் தேய்த்தால் விலகிய இழை கூடிவிடும், அறுந்த இழை கூடாது. முதல் வகையைத் துவைத்து, கஞ்சியிட்டு, "ஒருமுறை உடுத்தியது" என்று எழுதியே 650 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். கொள்விலை 620, சீர்செய்ய 70 என்றால் நாற்பது ரூபாய் நட்டம்தானே என்று சிலர் கேட்கக்கூடும். கொள்விலை ஏற்கெனவே போய்விட்ட பணம். இப்போது 70 செலவழித்தால் 580 கைக்கு வருகிறதா என்பதே கணக்கு. அறுந்த துளை, படத்தோடு இன்னும் குறைந்த விலைக்குப் போகும்.

வெள்ளைப் புள்ளிகளின் விளிம்பு மங்கி, சாயம் உள்ளே இறங்கியிருந்தால் மட்டும் யோசிக்காமல் கழித்துவிடுகிறேன், ஏனெனில் இறங்கிய சாயத்தைத் துவைத்து எடுக்க முயன்றால் சேலையின் உடல் நிறமும் வெளுக்கும். அதை வாடிக்கையாளரின் தவறாக எழுதுவதும் இல்லை. அதே சாயத் தொகுப்பில் மீதமுள்ள சேலைகளை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பேன். துணியில் நிறம் ஏறினால், அந்தக் கட்டு முழுவதும் சாயப்பட்டறைக்கே திரும்பிப் போகும்.