போன் பில் பணத்துக்கும் வரியா?

"வீட்டிலிருந்து வேலை. போன், இன்டர்நெட்டுக்கு என்று கம்பெனி மாதம் 3,000 ரூபாய் தருகிறது. 2024-25 ஃபார்ம் 16-இல் 36,000 முழுவதையும் சம்பளத்தோடு சேர்த்து வரி பிடித்துவிட்டார்கள். டீம் லீடருக்கு மட்டும் சேர்க்கவில்லை. எச்.ஆரிடம் கேட்டால் அலட்சியம், அவமானம். பில் தயார் செய்து ரிட்டர்னில் கழித்துவிடு என்கிறார் நண்பர். கம்பெனி மீது வழக்குப் போடலாமா?"

டீம் லீடரையும் எச்.ஆரின் பேச்சையும் விட்டுவிடுங்கள். வருமான வரிக்கு அவை பொருட்டல்ல. ஒரே கேள்விதான்: பில் கொடுக்காவிட்டாலும் அந்த 3,000 வந்ததா? வந்தது என்றால் அது அலவன்ஸ். அந்தப் பணத்தில் உண்மையிலேயே போன் பில் கட்டியிருந்தாலும் முழுவதும் சம்பளம்தான். ஆஃபர் லெட்டரில் என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்பதைவிட, பணம் எப்படி வந்தது என்பதே முக்கியம்.

பில் கொடுத்து, அந்தத் தொகையை மட்டும் பெற்றிருந்தால் கதை வேறு. உங்களுக்காக நிறுவனம் உண்மையில் செய்த தொலைபேசி, மொபைல் செலவுக்கு 2024-25-க்குப் பொருந்தும் 1962 வருமான வரி விதிகளின் 3(7)(ix) விலக்கு தருகிறது. புதிய வரி முறையிலும் இது உண்டு. ஆனால் அந்த விதியில் இன்டர்நெட் என்ற சொல் இல்லை. அலுவலக வேலைக்காக என்ற காரணத்தில்தான் பிராட்பேண்ட் பில்லையும் ஏற்கிறார்கள். அதனால் அதைத் தருவதாகக் கம்பெனியின் எழுத்துப்பூர்வ பாலிசி வேண்டும், பில்லும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

உங்கள் பில் மொபைலும் பிராட்பேண்டும் சேர்த்து மாதம் 1,700 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20,400. எப்படிப் பார்த்தாலும் மீதி 15,600 வரிக்கு உட்பட்டதே. அந்த 20,400-க்கான வரியை 20 சதவீத அடுக்கில் செஸ்ஸோடு கணக்கிட்டால், நீங்கள் சண்டை போடுவது சுமார் 4,243 ரூபாய்க்கு.

இனி நண்பரின் யோசனை. என்னிடம் வருபவர்கள் சிக்குவது இங்கேதான். ரீசார்ஜ் ரசீதில் தொகையை மாற்றுவது, மனைவி பெயரிலுள்ள பில்லைத் தன்னுடையதாகக் காட்டுவது, நாலு எண்கள் உள்ள ஃபேமிலி பிளான் பில்லை அப்படியே கொடுப்பது. கடைசியதைப் பலர் தவறென்றே நினைப்பதில்லை. விலக்கு உங்கள் இணைப்புக்குத்தான், அப்பாவின் எண்ணுக்கு இல்லை. போலி பில் என்று தெரிந்தால் அது 1961 வருமான வரிச் சட்டத்தின் 270A பிரிவில் தவறான தகவல் தருவது ஆகிவிடும். வரி, வட்டி போக, அந்த வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம். "எல்லாரும் செய்கிறார்கள்" என்பது அங்கே எடுபடாது. அதே பில்லைக் கம்பெனியிலும் கொடுத்திருந்தால் வேலைக்கும் ஆபத்து.

வழக்கு வேண்டாம். வக்கீல் பீஸ் 4,243-ஐத் தாண்டிவிடும். அலவன்ஸாக வந்திருந்தால் வரியை ஏற்றுக்கொண்டு விடுங்கள். பில் கொடுத்தும் சேர்த்திருந்தால், நீங்கள் பில்களை அனுப்பிய மின்னஞ்சலை இணைத்து, டிடிஎஸ் கணக்கையும் ஃபார்ம் 16-ஐயும் திருத்தித் தரும்படி எச்.ஆருக்கு நிதானமாக எழுதுங்கள். அதோடு, வரும் ஆண்டிலிருந்து இதைப் பில்லுக்கு ஏற்பத் தரும் தொகையாக மாற்றித் தரக் கேளுங்கள்.