ஓய்வெடுத்தால் போகிறது, ஓடினால் திரும்புகிறது: கீழ்க்கால் எலும்பு வலி

"வயது 34. இப்போதுதான் ஓட ஆரம்பித்தேன். வாரம் 5 நாள். முதல் வாரம் தினமும் 2 கி.மீ., நாலாவது வாரத்தில் தினமும் 5 கி.மீ. கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் ஆகும். அந்த நாலாவது வாரத்திலிருந்து இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்விளிம்பில் வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், கொஞ்ச நேரத்தில் குறையும், நிறுத்திய பிறகு மறுபடி வரும். 2 வாரம் ஓடவே இல்லை, வலி போய்விட்டது. பிறகு 4 கி.மீ. ஓடினேன், இரண்டாம் நாளே வந்துவிட்டது. இது ஷின் ஸ்பிளின்ட்தானா? இனி எப்படி ஓடுவது?"

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஷின் ஸ்பிளின்ட்டுக்கு, அதாவது ஓட்டச் சுமையால் கீழ்க்கால் எலும்பின் உள்விளிம்பில் வரும் வலிக்குப் பொருந்துகின்றன. ஆனாலும் இதே இடத்தில் எலும்பு கீறலும் வரும் என்பதால், முதலில் விரலால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கி மறு தொடைமேல் போடுங்கள். கணுக்காலின் உள்மொட்டிலிருந்து முழங்கால் நோக்கி, எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் ஓர் அங்குலத்துக்கு ஒருமுறை அழுத்திக்கொண்டே போங்கள். வலிக்கும் பகுதி மூன்று விரல் அகலமோ அதற்கு மேலோ, அதாவது 5 செ.மீ.க்குக் குறையாமல் நீளவாக்கில் பரவியிருந்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட். ஒரு நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்து, அதற்கு மேலும் கீழும் வலியே இல்லை என்றால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம்.

கீறலைச் சந்தேகிக்க வேறு அடையாளங்களும் உண்டு. சும்மா நடந்தாலே வலிப்பது, இரவில் படுத்திருக்கும்போது வலிப்பது, ஓட ஓட வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, ஒற்றைக் காலில் குதித்தால் தாங்க முடியாமல் போவது ஆகியவை அவை. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓடுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பாருங்கள். முதல் சில வாரங்களில் எக்ஸ்-ரேயில் கீறல் தெரியாமலே போகலாம். 'எக்ஸ்-ரே நன்றாக இருக்கிறது' என்பதை மட்டும் நம்பி ஓட வேண்டாம். சந்தேகம் தீரவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதே சரி. வலி உள்விளிம்பில் இல்லாமல் எலும்பின் முன்முகட்டில், நடுப்பகுதியில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அங்கே விழும் கீறல் எளிதில் ஒன்றுசேராது. இவை எல்லாம் இல்லாமல், ஓடும்போது கால் இறுகி, பாதம் மரத்துப்போய், நின்ற சில நிமிடங்களில் முழுவதும் சரியாகிவிடுகிறது என்றால் அது தசைகளைச் சூழ்ந்த உறைக்குள் அழுத்தம் ஏறுவதால் வருவது. அதற்கு வைத்தியம் வேறு.

உங்களுக்கு இந்த எச்சரிக்கை அடையாளங்கள் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறோம்.

ஒவ்வொரு அடி வைக்கும்போதும் கீழ்க்காலின் பெரிய எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. அந்தச் சுமைக்குப் பழக, எலும்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். முதலில் பழைய எலும்பைக் கரைக்கும், பிறகு அந்த இடத்தில் புதிதாக நிரப்பும். கரைக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. நிரப்பி உறுதியாக்கும் வேலைக்கோ சில மாதங்கள் பிடிக்கும். அதனால் ஓட ஆரம்பித்த ஒருவருக்கு மூன்றாவது வாரம் முதல் இரண்டு மாதம் வரை, எலும்பு முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கக்கூடும். ஆனால் இதயமும் நுரையீரலும் அதற்குள் பழகிவிடுகின்றன. மூச்சு வாங்கவில்லை, இன்னும் ஒரு கிலோமீட்டர் போகலாம் என்று மனம் சொல்லும் அதே வாரங்களில்தான் எலும்புக்கு அது ஆகாது. புதிதாக ஓடுபவர்களுக்கு இந்த வலி அதிகம் வருவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

உங்கள் கணக்கையே பாருங்கள். நிமிடத்துக்கு 156 அடி வைக்கிறீர்கள் என்று கொள்வோம். ஏழரை நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 1,170 அடி, ஒரு காலுக்கு 585. முதல் வாரம் 10 கி.மீ. ஓடியபோது ஒவ்வொரு காலும் சுமார் 5,850 முறை தரையில் மோதியது. நாலாவது வாரம் 25 கி.மீ.யில் அது 14,600ஐத் தாண்டிவிட்டது. மூன்றே வாரத்தில் இரண்டரை மடங்கு, அதுவும் நடுவில் போதிய இடைவெளி நாட்கள் இல்லாமல். வேறு காரணம் தேடத் தேவையே இல்லை.

சுமைக்கு மேல் சுமையாகக் கெண்டைக்கால் தசையின் களைப்பும் சேர்கிறது. அடித்தசையான சோலியஸ், ஓடும்போது உடல் எடையைப் போல ஆறு மடங்குக்கு மேலும் விசையைத் தாங்கி, எலும்பு வளைவதைக் குறைக்கிறது. பழக்கமில்லாத தசை சீக்கிரம் களைத்துவிடும். பிறகு அதன் பங்கும் எலும்பின் மேலேயே விழும். பாதம் உள்பக்கம் அதிகம் சாய்வது, உடல் எடை கூடுதலாக இருப்பது, முன்பு ஒருமுறை இந்த வலி வந்திருப்பது ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டும். போதுமான அளவு சாப்பிடாமல் ஓடுபவர்களுக்கும், பெண்களில் மாதவிடாய் தவறிப்போகிறவர்களுக்கும் எலும்பு புதுப்பிப்பே தடைபடும். இந்த இரண்டில் ஒன்று இருந்தால் ஓட்டத் திட்டத்துக்கு முன் அதற்குத்தான் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டு வார ஓய்வு ஏன் கைகொடுக்கவில்லை என்பது இப்போது புரியும். ஓய்வு எரிச்சலைத் தணித்தது, அதனால் வலி போயிற்று. எலும்பு நிரம்பி முடியவில்லை, தசையும் பலப்படவில்லை. அந்த நிலையில் முதல் நாளே 4 கி.மீ. என்றால், வலி வந்த நாளின் சுமைக்கே ஏறத்தாழ திரும்பிவிட்டீர்கள்.

இனி செய்ய வேண்டியது. முதல் இரண்டு வாரம் ஓட்டம் வேண்டாம். ஆனால் காலுக்கு வேலை கொடுங்கள். வலி இல்லாத அளவுக்கு நடங்கள். இதயமும் நுரையீரலும் பழக்கம் விடாமல் இருக்க சைக்கிளோ நீச்சலோ போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் குதிகால் தூக்கும் பயிற்சி செய்யுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நொடியில் குதிகாலைத் தூக்கி மூன்று நொடியில் இறக்குவது ஒருமுறை. முழங்காலை நீட்டி வைத்து 12 முறை வீதம் மூன்று சுற்று, பிறகு முழங்காலைச் சற்று மடக்கி வைத்து அதே அளவு. மடக்கிச் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சோலியஸுக்கு நல்ல வேலை கிடைப்பது அதில்தான். இரண்டு காலில் எளிதாகிவிட்டால் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். ஒற்றைக் காலில் இடைவிடாமல் 20 முதல் 25 வரை தூக்குவது இலக்கு. அதை எட்டச் சில வாரங்கள் ஆகும், ஓட்டம் தொடங்கிய பிறகும் இதை நிறுத்தாதீர்கள். கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சி இதமாக இருந்தால் செய்யலாம், ஆனால் அது மட்டும் இந்த வலியைத் தடுக்காது.

நாள்கணக்கு முடிந்தது என்பதற்காக ஓட ஆரம்பிக்கக் கூடாது. மூன்று சோதனைகளில் தேற வேண்டும்: 30 நிமிடம் வேகமாக நடந்தும் அன்றும் மறுநாளும் வலி இல்லை, எலும்பின் உள்விளிம்பை அழுத்தினால் வலி இல்லை, ஒவ்வொரு காலிலும் 10 முறை குதித்தாலும் வலி இல்லை. ஒன்றில் தவறினாலும் இன்னும் ஒரு வாரம் நடையும் பயிற்சியும்தான்.

தேறிய பிறகு வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். ஐந்து நிமிட நடையில் ஆரம்பித்து, முதல் வாரம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று ஆறு சுற்று. இரண்டாம் வாரம் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஐந்து சுற்று. மூன்றாம் வாரம் 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, நான்கு சுற்று. நான்காம் வாரம் 5 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, மூன்று சுற்று. ஐந்தாம் வாரம் 8 நிமிடம் வீதம் இருமுறை, நடுவில் 1 நிமிடம் நடை. ஆறாம் வாரம் இடைவிடாமல் 20 நிமிடம். அதன்பின் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். உங்கள் வேகத்தில் 5 கி.மீ.க்கு 37, 38 நிமிடம் ஆகும், அதைப் பத்தாவது வாரத்தில் தொடுவீர்கள். மெதுவாகத் தோன்றலாம். எலும்பு நிரம்புவதற்கு ஆகும் காலத்தோடு ஒத்துப்போகும் வேகம் இதுதான், அதனால்தான் முதல் வாரம் எவ்வளவு எளிதாக இருந்தாலும் இரண்டு படியாகத் தாண்டக் கூடாது.

ஏறலாமா வேண்டாமா என்பதை மறுநாள் காலையில் முடிவு செய்யுங்கள். ஓடும்போது தெரியும் வலி இந்த நோயில் ஏமாற்றும், உடம்பு சூடானதும் அது மறைந்துவிடும். பூஜ்ஜியம் முதல் பத்து வரை அளந்தால், ஓடும்போது 2 வரை இருக்கலாம். மறுநாள் எழுந்ததும் அதே உள்விளிம்பை அழுத்திப் பாருங்கள். முந்தைய நாளைவிட அதிகம் வலிக்கவில்லை என்றால் திட்டப்படி போகலாம். கூடியிருந்தால் வலி அடங்கும்வரை நடை மட்டும், பிறகு ஒரு படி கீழே இறங்கித் தொடங்குங்கள். அடுத்தடுத்து இரண்டுமுறை ஒரே படியில் தடுக்கினால் பரிசோதனைக்குப் போக வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகோலை அது மறைத்துவிடும். ஓடி முடித்தபின் பத்து நிமிடம் துணியில் சுற்றிய பனிக்கட்டி வைத்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான் அதன் பயன்.

அடி வைக்கும் விதத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம். ஓடும்போது வலது கால் தரையில் படுவதை 30 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 39 வந்தால் நிமிடத்துக்கு 156 அடி. அதே வேகத்தில் 30 நொடிக்கு 41 வருமாறு அடியைச் சற்றுச் சுருக்குங்கள், அது சுமார் 5 விழுக்காடு உயர்வு. அடி சுருங்கினால் பாதம் உடலுக்கு அருகில் இறங்கும், ஒவ்வொரு மோதலின் சுமையும் குறையும். இதற்கு மேல் ஒரேயடியாகக் கூட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். காலணி அடிப்பகுதி தேய்ந்து ஒருபக்கம் சாய்ந்திருந்தால் மாற்றுங்கள். நன்றாக இருக்கும் காலணியைக் கழித்துவிட்டு விலை கூடியதை வாங்குவதால் இந்த வலி போகாது.

38 நிமிடம் இரண்டு வாரம் வலியில்லாமல் ஓடிய பிறகு நான்காவது நாளைச் சேர்க்கலாம், அந்த நாளுக்கு 15 நிமிடம் போதும். வேகத்தைக் கூட்டுவதும் மேடு, இறக்கத்தில் ஓடுவதும் அதற்கும் பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றுதான். வேகத்தையோ மேடு, இறக்கத்தையோ புதிதாகச் சேர்க்கும் வாரத்தில் மொத்த நிமிடத்தைக் கூட்டாதீர்கள்.