4 வருடம் 10 மாதத்தில் வேலையை விட்டால் கிராஜுவிட்டி உண்டா?

கேள்வி: ஓமலூர் பக்கம் ஒரு நூல் மில்லில் அக்கவுண்ட்ஸ் வேலை. வாரம் ஆறு நாள். 2021 ஜூன் 14 சேர்ந்தேன், 2026 ஏப்ரல் 30 கடைசி நாள். நடுவில் கால் முறிந்து, 2025 நவம்பர் 3 முதல் 38 நாள் சம்பளமில்லா லீவு. “5 வருஷம் முடியல, லீவு வேற பிரேக், கிராஜுவிட்டி வராது” என்கிறார்கள். “6 மாதம் தாண்டினால் 5 வருஷமாக ரவுண்ட் பண்ணணும்” என்கிறார் நண்பர். எது சரி?

பதில்:

உங்களுக்குக் கிராஜுவிட்டி உண்டு. ஆனால் நண்பர் சொல்கிற காரணத்தால் இல்லை. அவர் சொன்ன 6 மாதக் கணக்கு, தொகை எவ்வளவு என்று பார்க்கும்போதுதான் வரும். தகுதி இருக்கிறதா என்பதற்கு வேறு கணக்கு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் நிறையப் பேர் 4 வருடம் 7 மாதத்தில் பேப்பர் போட்டுவிட்டு ஏமாறுகிறார்கள்.

தகுதிக்குச் சட்டம் கேட்பது 5 வருடத் தொடர்ச்சியான சேவை. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால், அது ஒரு வருடத் தொடர்ச்சியான சேவை என்று அதே சட்டம் வரையறுக்கிறது. வாரம் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடம் என்றால் 190 நாள் போதும். ஐந்தாவது வருடத்துக்கும் இந்த வரையறை பொருந்துமா என்ற கேள்வி 1998-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. மேட்டூர் பியர்ட்செல் வழக்கு என்று சொல்வார்கள். அதில் ஊழியரின் சேவை 4 வருடம் 10 மாதம் 18 நாள். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் முடிந்திருப்பதால் கிராஜுவிட்டி உண்டு என்று தீர்ப்பானது. உங்கள் சேவையை எண்ணிப் பாருங்கள், 4 வருடம் 10 மாதம் 17 நாள். ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம்.

1972-ன் சட்டம் போய், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் இந்த 240 நாள் வரையறை அப்படியே இருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இது நம் மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்பு. வேறு மாநிலத்தில் வேலை பார்க்கும் உறவினர் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு இதையே சொல்லிவிடாதீர்கள்.

இனி உங்கள் நாட்களை எண்ணலாம். ஐந்தாவது வருடம் 2025 ஜூன் 14-ல் தொடங்குகிறது. அங்கிருந்து ஏப்ரல் 30 வரை 321 நாள். சம்பளமில்லா லீவு 38-ஐக் கழித்தால் 283. இது 240-ஐத் தாராளமாகத் தாண்டுகிறது.

மில் தரப்பில் கைவைக்கப் போகும் இடம் ஞாயிற்றுக்கிழமைகள். அந்த 283-க்குள் 41 ஞாயிறு இருக்கிறது. அதைக் கழித்தால் 242. பண்டிகை, தேசிய விடுமுறை என்று எட்டு நாள் எடுத்தால் 234, அதாவது தகுதி போச்சு. இப்படிக் கழித்து ஒரு ஷீட்டைக் காட்டினால் அசந்துவிடாதீர்கள். பழைய தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இதே 240 நாள் கணக்கில், சம்பளத்தோடு வரும் ஞாயிறும் விடுமுறையும் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. முழுச் சம்பளத்தோடு எடுத்த ஈட்டிய விடுப்பும் சேரும். அதனால் ஜூன் முதல் ஏப்ரல் வரையிலான சம்பளச் சீட்டுகளில் “சம்பள நாள்” என்ற கட்டத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சிங் ரெக்கார்டைவிட அதுதான் உங்கள் பக்கம் பேசும்.

“லீவு பிரேக்” என்பதும் நிற்காது. உடம்பு சரியில்லாமல் போனாலும் விபத்து நடந்தாலும் வேலைத் தொடர்ச்சி அறுவதில்லை. அனுமதியில்லாமல் வராமல் இருந்தால்கூட, அதைச் சேவை முறிவாகக் கருதி விதிப்படி உத்தரவு போட்டிருக்க வேண்டும். அந்த 38 நாளால் 240 எண்ணிக்கையில் 38 குறையும், அவ்வளவுதான். முந்தைய நாலு வருடத்தை அது அழிக்காது.

தொகைக்கு வருவோம். நண்பரின் 6 மாதம் இங்கேதான். 4 வருடத்துக்கு மேல் 6 மாதத்தைத் தாண்டியதால் 5 என்று எடுக்க வேண்டும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். வகுப்பது 26-ஆல், 30 போட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள். உங்கள் சம்பளம் தெரியாததால் ஒரு உதாரணம்: அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,200, வீட்டு வாடகைப்படி 13,000, போக்குவரத்துப்படி 7,000, கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800. ஆக மொத்தம் 40,000.

```
18,200 ÷ 26 × 15 × 5 = 52,500
```

இது பழைய கணக்கு. நீங்கள் விலகுவது புதிய சட்டம் வந்த பிறகு. அதன்படி, ஊதியத்தில் சேராத வாடகைப்படி, போக்குவரத்துப்படி, பி.எஃப். போன்றவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். இங்கே அவை 21,800. பாதி 20,000. தாண்டிய 1,800 சேர்ந்து ஊதியம் 20,000 ஆகிறது.

```
20,000 ÷ 26 × 15 × 5 = 57,692
```

5,192 ரூபாய் கூடுகிறது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படியாகப் பிரித்துக் கொடுக்கும் இடங்களில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாக இருக்கும். (சி.டி.சி.-யில் 4.81 சதவீதம் கிராஜுவிட்டி என்று காட்டியிருப்பார்கள். அது உங்கள் பெயரில் சேர்ந்த பணம் இல்லை, 15-ஐ 26-ஆலும் 12-ஆலும் வகுத்த கணக்கு. தகுதி வராவிட்டால் அது கைக்கு வராது.)

நடைமுறையில் முதலில் காக்க வேண்டியது கடைசித் தேதி. நோட்டீஸ் பணத்தைக் கட்டிவிட்டு முன்கூட்டியே கிளம்பினால், கிளம்பிய நாளோடு சேவை முடிந்துவிடும். 240-க்கு மேல் உங்களிடம் 43 நாள் மிச்சம் இருக்கிறது என்பது, எல்லோரும் ஞாயிறைச் சேர்த்து எண்ணினால் மட்டும்தான். அதனால் ஏப்ரல் 30 வரை வேலைக்குப் போங்கள், ரிலீவிங் லெட்டரில் அதே தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

விலகியதும் 30 நாளுக்குள் நிர்வாகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். பழைய ஃபாரம் ஐ-யில் உள்ள விவரங்களே போதும்: பெயர், பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம், கடைசி ஊதியம், கேட்கும் தொகை, பேங்க் கணக்கு. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். கொடுக்க வேண்டியதான நாளிலிருந்து 30 நாளுக்குள் அவர்கள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ சேலம் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கிராஜுவிட்டி மனு போடலாம். அதை 90 நாளுக்கு மேல் இழுக்காதீர்கள்.

இதற்கிடையே ஃபுல் அண்ட் ஃபைனல் தாளில் “இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை” என்ற வரியைக் காட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். பி.எஃப்., கடைசி மாதச் சம்பளம் நிற்கிறதே என்று பதறாமல், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே “கிராஜுவிட்டி நீங்கலாக” என்று எழுதி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள்.