காலையில் மாத்திரை, ராத்திரி சம்சு

"டாக்டர், என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் செம்பனை லோரி ஓட்டுகிறார். படபடப்புக்கு டயஸிபாம் 5 மில்லிகிராம் தந்திருக்கிறார்கள். 'காலையில் மாத்திரை, ராத்திரி சம்சு, ரெண்டையும் கலக்கலையே' என்கிறார். இடைவெளி விட்டால் பரவாயில்லையா?"

இல்லைம்மா. அவர் விடுவது இடைவெளியே இல்லை.

மூளையில் காபா என்று ஒரு பொருள் சுரக்கிறது. நரம்பு செல்லின் மேல் அதற்கென்று சின்னக் கதவுகள் இருக்கின்றன. காபா வந்து ஒட்டினால் கதவு திறக்கும், குளோரைடு உள்ளே போகும். நம் சமையல் உப்பில் பாதி இந்தக் குளோரைடுதான். அது எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால், உள்ளே போனதும் செல் எளிதில் துடிக்காது. படபடப்பு தணிகிறது.

டயஸிபாம் இந்தக் கதவைத் தானாகத் திறக்காது. காபா தட்டும்போது இன்னும் அடிக்கடி திறக்க வைக்கும், அவ்வளவுதான். இந்த வரம்பு இருப்பதால் மாத்திரை மட்டும் மூச்சை நிறுத்துவது அரிது. சம்சுவில் இருக்கும் மதுவும் அதே கதவில்தான் வேலை செய்கிறது. கூடவே, செல்லைத் தூண்டும் குளுட்டமேட்டையும் அமுக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் அந்த வரம்பு உடைந்து, மூச்சை நடத்தும் இடமும் மந்தமாகிவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். டயஸிபாம் உடம்பில் பாதியாகக் குறைய ஒன்றிரண்டு நாள் ஆகும். இரண்டு நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் 5 மில்லிகிராம். மறுநாள் காலையில் அதில் 3.5 மிச்சம், புது மாத்திரையோடு 8.5. மூன்றாம் நாள் 11. ஈரல் அதை உடைக்கும்போது வரும் பொருளும் மருந்தாகவே வேலை செய்யும், அது இன்னும் மெதுவாகத்தான் போகும். சம்சு பாட்டிலைத் திறக்கும்போது மாத்திரை உள்ளேதான் இருக்கிறது. காலையில் லோரி ஓட்டும்போதும்தான்.

ராத்திரி உலுக்கிக் கூப்பிட்டும் எழவில்லை, குறட்டை களகளவென்று கேட்கிறது, மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்கும் கீழே, உதடு நீலம் பாய்கிறது, இதில் எது இருந்தாலும் 'தூங்கட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-க்கு அழையுங்கள்.

பயந்துபோய் இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. தினமும் அமுக்கப்பட்ட மூளை, கதவுகளை மந்தமாக்கி, தூண்டும் பக்கத்தை ஏற்றி வைத்திருக்கும். குடிக்காத காலையில் கை நடுங்கினால் அதுதான் காரணம். குடி நின்ற ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதன்பின் பிதற்றலும் வரலாம். மாத்திரையை நிறுத்தினால் வரும் வலிப்பு சில நாள் தள்ளியும் வரும்.

வேடிக்கை என்னவென்றால், குடியை நிறுத்த உதவ நாங்கள் தருவதும் பெரும்பாலும் இதே டயஸிபாம்தான். ஆனால் கண்காணிப்பில், அளவைக் குறைத்துக்கொண்டே போவோம். அதனால் மாத்திரை அட்டையோடு அவரைக் கிளினிக்குக் கூட்டிப் போங்கள், அதுவரை லோரியை எடுக்க வேண்டாம். ஒரு ராத்திரிக்கு எத்தனை பாட்டில் என்பதை அவர் குறைத்துச் சொன்னால், நீங்கள் சரியாகச் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் டாக்டர் அளவை முடிவு செய்வார்.