போட்ட தொகை தெரியாது, இன்றைய மதிப்பு மட்டும் தெரியும்: லாபம் எத்தனை சதவீதம்?

கேள்வி: அப்பா ஒரு பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டில் ஒரே தவணையாகப் பணம் போட்டிருந்தார். அவர் காலமான பின் யூனிட்டுகள் என் பெயருக்கு மாறின. எனக்கு வந்த அறிக்கையில் இன்றைய மதிப்பு 4,83,000 ரூபாய் என்று மட்டுமே இருக்கிறது. போட்ட தொகை இல்லை. முகவர் "40 சதவீத லாபம்" என்கிறார். 4,83,000-இல் 40 சதவீதத்தைக் கழித்தேன், 2,89,800 வந்தது. ஆனால் அந்தத் தொகையிலிருந்து பார்த்தால் லாபம் 67 சதவீதம் ஆகிறது. எங்கே தவறு?

பதில்: முகவர் சொன்ன 40 சதவீதம் அப்பா போட்ட பணத்தின் மேல் கணக்கிட்டது. நீங்கள் அதை இன்றைய மதிப்பின் மேல் கணக்கிட்டுக் கழித்துவிட்டீர்கள். பெரிய தொகையில் 40 சதவீதம் எடுத்தால் கழிவும் பெரிதாகத்தானே வரும்? அதனால்தான் போட்ட பணம் உள்ளதைவிடக் குறைவாகவும் லாபம் கூடுதலாகவும் தெரிகிறது. விடையைத் திருப்பிப் போட்டுப் பார்த்து 67 வருவதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். பலர் அதைச் செய்வதே இல்லை.

சரியான வழி இது. போட்ட பணத்தை 100 என்று வைத்தால் 40 சேர்ந்து இன்று 140. ஆகவே 4,83,000 என்பது 140 பங்கு. அதை 1.40-ஆல் வகுத்தால் 3,45,000. அதில் 40 சதவீதம் 1,38,000. இரண்டையும் கூட்டினால் 4,83,000 சரியாக வந்துவிடுகிறது. இதுவே 40 சதவீத நஷ்டமாக இருந்திருந்தால் 0.60-ஆல் வகுத்திருக்க வேண்டும். அப்போது போட்ட பணம் 8,05,000 ஆகியிருக்கும்.

ஆனால் இந்த விடை முழுக்க முகவரின் ஒரு சொல்லைத்தான் நம்பி நிற்கிறது. இன்றைய மதிப்பு மட்டும் கையில் இருந்தால் சதவீதம் என்று எதையும் சொல்லவே முடியாது. பழைய தொகை, ரூபாயில் லாபம், சதவீதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கூடவே வேண்டும். முகவர் 39.5-ஐயோ 40.4-ஐயோ "40" என்று முழுதாக்கிச் சொல்லியிருக்கலாம். அதில் மட்டுமே போட்ட பணம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் முன்பின் ஆகும். அதைவிட, அவர் எந்த நாளிலிருந்து கணக்கிட்டார் என்று கேளுங்கள். யூனிட்டுகள் உங்கள் பெயருக்கு மாறிய நாளின் விலையிலிருந்து என்றால், அந்த 40 நமக்கு உதவாது.

எனவே பழைய தொகையை நேரடியாகவே தேடுங்கள். அப்பாவின் ஃபோலியோ எண்ணைக் கொடுத்து, ஃபண்டின் பதிவாளரிடம் (பெரும்பாலும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக்) தொடக்கம் முதலான பரிவர்த்தனை அறிக்கை கேட்கலாம். அது தாமதமானால், அப்பாவின் வங்கிப் பாஸ்புக்கில் ஃபண்டுக்குப் பணம் போன தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் தொகையும் அந்த வரியிலேயே இருக்கும். பணம் போன தேதி மட்டும் நினைவிருந்தால், மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் இணையதளத்தில் அதையொட்டிய நாள்களின் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, கிடைக்கும். உதாரணமாக உங்களிடம் 6,000 யூனிட்டுகள், இன்றைய என்ஏவி 80.50, வாங்கிய நாளில் 57.50 என்று வைத்துக்கொள்வோம். 6,000 × 57.50 = 3,45,000. முகவர் சொன்னது உறுதியாகிவிடும். 2020 ஜூலைக்குப் பின் வாங்கியது என்றால் முத்திரைத் தீர்வையாக ஒரு சில ரூபாய் வித்தியாசம் வரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். இடையில் சில யூனிட்டுகளை விற்றிருந்தாலோ, டிவிடெண்டைத் திரும்ப முதலீடு செய்திருந்தாலோ இந்தப் பெருக்கல் பொய்த்துவிடும். அப்போது முழு அறிக்கையே வழி.

இவ்வளவு மெனக்கெடச் சொல்வதற்குக் காரணம் வரி. வாரிசாக வந்த யூனிட்டுகளை விற்கும்போது, அப்பா வாங்கிய விலைதான் உங்கள் கொள்முதல் விலை. அவர் வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும். பங்குச் சந்தை ஃபண்டில் நீண்ட கால லாபம் ஆண்டுக்கு 1,25,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 12.5 சதவீத வரி, அதோடு செஸ். வேறு லாபம் இல்லையென்றால் 1,38,000 லாபத்துக்கு வரி, செஸ் நீங்கலாக, 1,625 ரூபாய். உங்கள் பழைய கணக்கின்படி 1,93,200 லாபம் காட்டினால், அதே போல் செஸ் நீங்கலாக, 8,525 ரூபாய் கட்டியிருப்பீர்கள்.

அப்பா 2018 பிப்ரவரிக்கு முன் வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் சாதகம்: 2018 ஜனவரி 31-இன் என்ஏவி அவர் வாங்கிய விலையைவிடக் கூடுதலாக இருந்தால், விற்கும் விலைக்கு மிகாமல் அதையே கொள்முதல் விலையாகக் காட்டலாம். அதனால் விற்பதற்கு முன் வாங்கிய தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள்.