ஒரு வாய் தண்ணீர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈரல் புற்றுநோயில் அம்மா போன மாதம் காலமானார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் முழுக்க நான்தான் பக்கத்தில் இருந்தேன். மூன்று நாளாக அவர் கண் திறக்கவில்லை. உதடு காயும்போது ஈரப் பஞ்சால் துடைத்துவிடுவேன். அன்றிரவு நேர்ஸ், "பிரஷர் பரவாயில்லை, போய்க் கொஞ்சம் படுத்திட்டு வாங்கோ" என்றார். வீட்டுக்கு வந்தேன். விடிய நாலு மணிக்குப் போன் வந்தது. செத்த வீட்டில் ஒரு மாமி, "ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாமப் போச்சே" என்றார். அதிலிருந்து என்னால் மீள முடியவில்லை.

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

மாமி சொன்ன தண்ணீரை அந்த நேரம் கொடுத்திருக்கவே முடியாது. நாள்கணக்கில் கண் திறக்காமல் கிடப்பவருக்கு விழுங்கும் சக்தி பெரும்பாலும் போயிருக்கும். வாயில் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கித் திணறலைத்தான் தரும். அதனால்தான் உதட்டையும் நாக்கையும் நனைத்தால் போதும் என்கிறார்கள். அந்தக் கட்டத்தில் தாகம் என்று ஏதாவது இருந்தால் அது வாய் காய்வதுதான். கொடுக்கக்கூடிய தண்ணீர் அந்த ஈரப் பஞ்சு மட்டும்தான். மாமியோ எல்லாச் செத்த வீட்டிலும் சொல்வதைச் சொல்லியிருப்பார்.

அப்புறம் அந்த பிரஷர். சாவுக்குச் சில மணி நேரம் முன்புவரை பிரஷரும் நாடியும் சுமாராக இருப்பவர்கள் நிறையப் பேர். மூச்சு நின்று நின்று வருவது, தொண்டையில் சளி கரகரப்பது, முழங்காலிலும் பாதத்திலும் தோல் திட்டுத்திட்டாக நீலம் பாய்வது எல்லாம் முடிவு நெருங்குவதைக் காட்டும். ஆனால் இன்றிரவா, நாளை மறுநாளா என்று காட்டாது. நேர்ஸ் பொய் சொல்லவில்லை, நீங்களும் அசட்டையாக இருக்கவில்லை. விடிய நாலு மணிக்குத் தெரிந்ததை வைத்து முந்தின இரவு எடுத்த முடிவுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

இருந்திருந்தால்? ஒரு வாரமாகத் தூங்காத நீங்கள் கதிரையிலேயே கண் அயர்ந்திருக்கலாம். விழித்திருந்தாலும், இரண்டு மூச்சுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போகும்போது எது கடைசி மூச்சு என்று பக்கத்தில் இருப்பவருக்கே பல நேரம் பிடிபடாது. அடுத்தது வரவில்லை என்பது பிறகுதான் உறைக்கும்.

"நீ போகட்டும் என்றுதான் அம்மா காத்திருந்தா" என்று சிலர் உங்களைத் தேற்றுவார்கள். வார்டுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சுத்தான். உண்மையா என்று யாராலும் நிரூபிக்க முடியாது, நானும் அதைச் சொல்லப்போவதில்லை.

உங்களை உண்மையில் வாட்டுவது, அந்தக் கடைசி மணி நேரம் எப்படி இருந்தது என்று தெரியாததாக இருக்கலாம். அப்படியானால் அந்த வார்டுக்குப் போய்க் கேளுங்கள். அன்றிரவு கொடுத்த மருந்தும் பார்த்த நேரமும் பெட் ஹெட் டிக்கெட்டில் எழுதப்பட்டிருக்கும். அந்த ஷிப்டில் இருந்த நேர்ஸைத் தேடிப் பிடித்து, அம்மா அவதிப்பட்டாரா, யார் பக்கத்தில் நின்றார்கள் என்று நேராகவே கேளுங்கள். தனியாகப் போகாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.