டம்ளரைத் தூக்கினால் முழங்கையின் வெளிப்பக்கம் வலி: தசைநாணா, நரம்பா?

கேள்வி: வலது முழங்கையின் வெளிப்பக்கம் சில வாரங்களாக வலிக்கிறது. காபி டம்ளரைத் தூக்கினாலே சுருக்கென்கிறது. ஒருவர் டென்னிஸ் எல்போ என்கிறார், இன்னொருவர் நரம்பு என்கிறார். மரத்துப்போவதெல்லாம் இல்லை. எப்படித் தெரிந்துகொள்வது? கடையில் விற்கும் பட்டையை வாங்கிப் போடலாமா?

பதில்:

பட்டையை இன்றைக்கு வாங்க வேண்டாம். எங்கே வலிக்கிறது என்பதை முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள்.

நான் கோவையில் பிசியோதெரபிஸ்ட். முழங்கையின் வெளிப்பக்க வலியோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது டென்னிஸ் எல்போதான். அவர்களில் டென்னிஸ் மட்டையைத் தொட்டவர்கள் அபூர்வம். தையல்காரர்கள், மேஸ்திரிகள், ஈரத் துணியை முறுக்கிப் பிழிபவர்கள்தான் அதிகம். நரம்பினால் வருவது அதைவிட மிகக் குறைவு. ஆனால் வரும்போது அதுவும் டென்னிஸ் எல்போ என்ற பெயரோடுதான் வந்து சேருகிறது.

மேசை முன் உட்கார்ந்து முழங்கையை மடக்கி, கட்டைவிரல் மேலே இருக்கும்படி கையை மேசைமேல் வையுங்கள். முழங்கையின் வெளிப்பக்கம் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அந்த முண்டின்மேலும் அதன் முன்விளிம்பிலும் இடது கை விரல் நுனியால் அழுத்துங்கள். அங்கே ‘ஆ’ என்று சொல்ல வைத்தால் தசைநாண் பக்கம் சாய்கிறது கணக்கு. பிறகு முண்டிலிருந்து மணிக்கட்டை நோக்கி மூன்று விரல் அகலம் இறங்கி, சதைப்பற்றான இடத்தில் கட்டைவிரலை ஆழமாக அழுத்துங்கள். முண்டில் பெரிதாக ஒன்றுமில்லாமல் இங்கே உயிர் போனால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த இரண்டாவது இடம் யாருக்குமே அழுத்தினால் கொஞ்சம் வலிக்கும். மறு கையிலும் அதே இடத்தை அதே அளவு அழுத்திப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஒரு டம்ளருக்குப் போய் முழங்கை ஏன் வலிக்க வேண்டும் என்று தோன்றும். விரல்களை மடக்கிப் பிடிக்கும் தசைகள் மணிக்கட்டையும் சேர்த்து மடக்கப் பார்க்கும். அதை மடங்கவிடாமல் புறங்கைப் பக்கத்துத் தசைகள் இழுத்துப் பிடித்தால்தான் பிடி நிற்கும். ஆகவே நீங்கள் எதைப் பிடித்தாலும் அந்தத் தசைகள் வேலை செய்கின்றன. அவற்றில் பல ஒரே தசைநாணாகச் சேர்ந்து அந்த எலும்பு முண்டில்தான் ஒட்டியிருக்கின்றன. அதில் அதிகம் நைந்துபோவது எக்ஸ்டென்சர் கார்ப்பி ரேடியாலிஸ் பிரெவிஸ் என்ற தசையின் நாண். நாள்பட்ட வலியில் அங்கே வீக்கத்தைவிட இழைகள் சீர்குலைந்திருப்பதுதான் முக்கியமான கோளாறு. வலி மாத்திரை அன்றைய பொழுதை ஓட்ட உதவுமே தவிர நாணைச் சரிசெய்வதில்லை என்பது அதனால்தான்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். முழங்கையை நேராக நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, டம்ளரின் விளிம்பை மேலிருந்து பிடித்துத் தூக்குங்கள். அடுத்து முழங்கையை உடம்போடு ஒட்டி மடக்கி, உள்ளங்கை மேலே பார்க்க, டம்ளரின் அடியைத் தாங்கித் தூக்குங்கள். தசைநாண் கோளாறு என்றால் முதல் விதத்தில் முண்டில் சுரீரென்று வலிக்கும். இரண்டாவதில் அநேகமாக வலியே இருக்காது.

இனி நரம்பு. மேல்கையிலிருந்து வரும் ரேடியல் நரம்பு முழங்கைக்கு முன்னால் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தோலுக்கு அடியிலாக இறங்கிக் கட்டைவிரலின் பின்பக்கத் தோலுக்கு உணர்ச்சி தருகிறது. மற்றது ஆழத்தில், சுப்பினேட்டர் என்ற தசைக்குள் நுழைந்து போகிறது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது அந்தத் தசையின் வேலை. நரம்பு நுழையும் இடத்தில் தசையின் விளிம்பு சிலருக்கு நார் போலத் தடித்து வளைந்திருக்கும். ஃப்ரோஸ் வளைவு என்று பெயர். நரம்பு நசுங்குவது பெரும்பாலும் அங்கேதான். அந்த ஆழக்கிளை தோலுக்குப் போவதே இல்லை. ஆகவே மரத்துப்போதல், எறும்பு ஊர்தல் எதுவும் இல்லாமலே அது நசுங்கியிருக்கலாம். ‘மரத்துப்போகவில்லை, அதனால் நரம்பு இல்லை’ என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். நரம்புக் கடத்தல் சோதனையும் இதில் பலருக்கு இயல்பாகவே வரும். சோதனையில் ஒன்றுமில்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது.

வலியின் குணமும் வேறு. தசைநாண் வலி பிடிக்கும்போது சுருக்கென்று குத்தி, விட்டதும் அடங்கும். நரம்பு வலி முன்கையின் ஆழத்தில் கடுத்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்து ஓய்வாக இருக்கும்போதும், படுத்த பிறகும் தொல்லை தரும். சில நேரம் புறங்கை வரை இழுக்கும்.

என்னிடம் வந்த ஓர் எலக்ட்ரீஷியனின் கதை இதற்குப் பொருந்தும். நாற்பதைத் தாண்டியவர், வலது கைப் பழக்கம், நாள் முழுக்க சுவிட்ச் பெட்டிகளை ஸ்க்ரூ டிரைவரால் முடுக்கும் வேலை. வலது கையால் திருகை முடுக்குவது என்றால் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதுதான். அதாவது சுப்பினேட்டர் ஓயாமல் உழைக்கிறது. டென்னிஸ் எல்போ என்று வேறொரு இடத்தில் சொல்லி முண்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தார்கள். பலனில்லை. அவரே கடையில் பட்டை வாங்கி முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டியிருந்தார். “பட்டை போட்டால் குறையும் என்றார்கள் சார், போட்ட அன்று ராத்திரி தூங்கவே முடியவில்லை” என்றார்.

அந்த வாக்கியம்தான் எனக்குத் துப்பு. பட்டையைக் கட்டச் சொல்லும் இடம் முண்டுக்குக் கொஞ்சம் கீழே. அது தசைநாணின்மேல் விழும் இழுப்பைக் குறைக்கிறது. டென்னிஸ் எல்போ உள்ள பலருக்கு வேலை நேரத்தில் உதவும். ஆனால் நரம்பு நசுங்கும் இடமும் ஏறக்குறைய அதுதான். ஏற்கெனவே நெரிசலில் இருக்கும் நரம்பின்மேல் வெளியிலிருந்தும் ஓர் அழுத்தம்.

அவருக்கு முண்டில் அழுத்தியபோது முகம் சுளிக்கவில்லை. மூன்று விரல் கீழே அழுத்தியதும் கையை இழுத்துக்கொண்டார். இடது கையில் அதே இடத்தில் லேசான வலிதான். முழங்கையை நீட்டி வைத்து, மணிக்கட்டை நான் பிடித்துக்கொள்ள, என் பிடிக்கு எதிராக உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னேன். முன்கையின் ஆழத்தில் அவருடைய அதே வலி வந்தது. நடுவிரலை நீட்டச் சொல்லி மேலிருந்து அழுத்தும் சோதனையும் வலித்தது. காணொளிகளில் இந்த நடுவிரல் சோதனையை நரம்புக்கான முத்திரையாகவே காட்டுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. மேலே சொன்ன தசைநாணின் மறுமுனை நடுவிரலுக்கு நேர்கீழே உள்ள உள்ளங்கை எலும்பில் ஒட்டியிருப்பதால் டென்னிஸ் எல்போவிலும் அது வலிக்கும்.

எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே அந்தக் கீழ் இடத்தில் நரம்பைச் சுற்றி மரப்பு மருந்தை மட்டும் செலுத்தினார். சில மணி நேரத்துக்கு விரல்களை முழுதாக நிமிர்த்த முடியவில்லை. மருந்து நரம்பைத் தொட்டுவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்த நேரம் முழுக்க வலியும் இல்லை. ஐயம் தீர்ந்தது. கையால் முடுக்குவதை நிறுத்தி பேட்டரி டிரில் வாங்கினார், இரவில் மணிக்கட்டை லேசாக நிமிர்த்தி வைக்கும் ஸ்பிளிண்ட் போட்டார், நரம்பை மெல்ல நகரவிடும் பயிற்சிகளை இங்கே வந்து செய்தார். இரண்டு மூன்று மாதங்களில் வேலைக்குத் தொந்தரவில்லாத நிலைக்கு வந்தார். இப்படி அடங்காதவர்களுக்குத்தான் நெரிசலை விடுவிக்கும் அறுவைச் சிகிச்சை.

கழுத்தையும் பார்த்துவிடுங்கள். ஆறாவது, ஏழாவது கழுத்து நரம்பு வேர் நசுங்கினாலும் முழங்கை வெளிப்பக்கம் வலிக்கலாம். அதில் பெரும்பாலும் கட்டைவிரலோ ஆட்காட்டி விரலோ நடுவிரலோ மரக்கும், தலையைப் பின்னால் சாய்த்து வலிக்கும் பக்கம் திருப்பினால் வலி கையில் இறங்கும், கையைத் தலைமேல் வைத்தால் சுகமாக இருக்கும்.

உங்கள் கேள்வியை வைத்துச் சொன்னால் டென்னிஸ் எல்போவுக்குத்தான் வாய்ப்பு அதிகம். விரல் சோதனையும் முண்டையே காட்டினால், முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, கையை மட்டும் விளிம்புக்கு வெளியே விடுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மறு கையின் உதவியோடு மணிக்கட்டை மேலே தூக்குங்கள். பிறகு உதவியை எடுத்துவிட்டு நான்கைந்து நொடி எடுத்துக்கொண்டு மெதுவாக இறக்குங்கள். நாளுக்கு மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்து முதல் பதினைந்து முறை. செய்யும்போது பத்துக்கு மூன்று நான்கு அளவில் வலித்தால் பரவாயில்லை; மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் பாட்டிலில் தண்ணீரைக் குறையுங்கள். இறக்குவதே இப்போது தாங்கவில்லை என்றால், மணிக்கட்டை நேராக வைத்து முப்பது நொடி அசையாமல் பிடித்திருப்பதிலிருந்து தொடங்குங்கள். தசைநாண் மெதுவாகத்தான் பழகும். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். பட்டையை வேலை நேரத்தில் மட்டும் போடலாம். போட்ட பிறகு கடுப்பு கூடினால் கழற்றிவிட்டு, மேலே சொன்ன கீழ் இடத்தை மறுபடி அழுத்திப் பாருங்கள்.

ஸ்டீராய்டு ஊசி ஒரே வாரத்தில் வலியைக் குறைக்கலாம், ஆசை காட்டும். 2006-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில் 198 பேரை ஊசி, பிசியோதெரபி, ஒன்றும் செய்யாமல் காத்திருத்தல் என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஆறாவது வாரத்தில் ஊசிக்காரர்கள் முன்னால் இருந்தார்கள். அதன் பிறகு அவர்களில் பெரும்பாலோருக்கு வலி திரும்பியது. ஓராண்டு முடிவில் மற்ற இரு பிரிவினரைவிடப் பின்தங்கியிருந்தார்கள். அவசரத் தேவை இல்லாதவர்களுக்கு நான் ஊசியைச் சிபாரிசு செய்வதில்லை.

விரல்களையோ கட்டைவிரலையோ நிமிர்த்த முடியாமல் தொங்கினால், அல்லது மணிக்கட்டை நிமிர்த்தும்போது கை கட்டைவிரல் பக்கமாகவே சாய்ந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வாரமே எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். அது ஆழக்கிளை பலவீனமாகிவிட்டதன் அடையாளம். உடற்பயிற்சி செய்துகொண்டு காத்திருக்கக் கூடாது. மூட்டே வீங்கிச் சூடாக இருந்தாலும், விழுந்த பிறகு தொடங்கிய வலி என்றாலும் இந்தப் பதில் பொருந்தாது. முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.